பெரியம்மாவுக்காக அல்சூர் சோமேஸ்வரர் கோயில்: நடந்தபடியே, ஆடாமல் படமெடுக்கும் முறை

என் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் பெங்களூர் அல்சூரில் குடியிருந்தவர். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கார் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்காகத்தான் சோமேஸ்வரர் கோயிலை முதல் தடவை செல்போனில் எடுத்து அனுப்பினேன். நாலு நிமிடம் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "தலை சுத்துதுடா, நிறுத்திட்டேன். அதுவும் கொடிமரத்துகிட்ட நிக்காமலே போயிட்டியே!"

அந்த இரண்டு குறைக்கும் மூலம் ஒன்றுதான். நேரில் போகிறவர் தன் கழுத்தைத் திருப்பிக்கொள்வார், வேண்டிய இடத்தில் நின்றுகொள்வார். வீடியோ பார்ப்பவருக்கு அந்த இரண்டும் இல்லை. நாம் நடந்தால்தான் அவர் நடக்கிறார், நாம் நின்றால்தான் கும்பிடுகிறார். உடம்பு அசையாமல் நாற்காலியில் இருக்க, கண்ணுக்கு முன்னால் உலகம் மட்டும் குலுங்கி ஓடினால் மயக்கம் வருவது இயல்பு. பெரிய டிவியில் பார்த்தால் இன்னும் அதிகம். இதை மனதில் வைத்து அதே கோயிலை மறுபடி எடுத்தேன். அதை எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி

கர்நாடகத்தில் அறநிலையத் துறையை முஜராய் இலாகா என்பார்கள். அதன் கீழுள்ள கோயில்களுக்குள் செல்போன் பயன்படுத்தக் கூடாது என்று 2023இல் உத்தரவு வந்தது. சோமேஸ்வரர் கோயிலும் அந்த இலாகாவைச் சேர்ந்ததுதான். ஆகவே "எல்லாரும் எடுக்கிறாங்களே" என்று உள்ளே போய் எடுக்காதீர்கள். கோயில் நிர்வாக அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கடிதம் கன்னடத்தில் இருந்தால் வேலை சுலபமாகும். அக்கம்பக்கத்தில் கன்னடம் நன்றாக எழுதத் தெரிந்தவரைக் கேளுங்கள். யாருக்காக எடுக்கிறீர்கள், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்ன கருவி, எங்கே வெளியிடுவீர்கள் என்ற ஆறு விஷயமும் அதில் இருக்க வேண்டும். விளம்பர வருமானம் கிடையாது என்பதையும் எழுதுங்கள். போனை ஆடாமல் தாங்கும் கைப்பிடிக் கருவியான கிம்பல் கொண்டுபோவதானால் அதைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். கையில் கருவியைப் பார்த்ததும் இது சினிமா ஷூட்டிங் என்று காவலர் தடுக்கக்கூடும்.

கடைசி வரியாக, "கருவறையையும் மூலவரையும் எடுக்க மாட்டேன், அர்ச்சகர் சொல்லும் இடத்தில் நின்றுவிடுவேன்" என்று நீங்களே எழுதுங்கள். இது ஒப்புக்காக எழுதும் வரி இல்லை. மூலவரைப் படமெடுக்கக் கூடாது என்பது பெரும்பாலான கோயில்களின் வழக்கம், பெரியம்மா போன்றவர்களுக்கும் அதுதான் மரியாதை. எங்கே நிறுத்தப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் அந்த இடத்தை எப்படி முடிப்பது என்று யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

போன் இல்லாமல் ஒரு நடை

எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அதே நேரத்தில், சும்மா கும்பிடப் போகிறவராகப் போய் வாருங்கள். மெட்ரோவில் வந்தால் அல்சூர் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கோயில். ஒரு துண்டுக் காகிதம் போதும். எங்கே படி, எங்கே நிலை, எங்கே தரை ஏறி இறங்குகிறது, எங்கே வெளிச்சம் சட்டென்று குறைகிறது, எங்கே ஒலிபெருக்கி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வழியைப் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை, கோயிலே வழி வைத்திருக்கிறது. தெருவில் நின்று கோபுரம், கோபுர வாசல், கொடிமரம், பலிபீடம், தூண் மண்டபம், நந்தி, உள் வாசல், பிறகு வெளியே வந்து வலமாக ஒரு சுற்று, நவக்கிரகம், திரும்பக் கொடிமரம். பல வருடம் போய் வந்தவர் மனதில் இந்த வரிசைதான் பதிந்திருக்கும். கூட்டம் குறைவு என்று இடமாகச் சுற்றினால், பார்க்கிறவருக்கு எங்கே இருக்கிறோம் என்ற நினைவு உடனே தவறிவிடும். நந்திக்கும் சாமிக்கும் நடுவே நடக்காதீர்கள், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று எடுங்கள்.

அப்புறம், பார்க்கப் போகிறவரையே கேளுங்கள். "எங்கெங்கே நிக்கணும்?" என்று பெரியம்மாவைக் கேட்டேன். கொடிமரம், தூண் மண்டபத்தில் அவர் வழக்கமாக உட்காரும் ஓரம், நாயன்மார், நவக்கிரகம் என்று சொன்னார். சோழர் காலத்துக் கோயில் என்று சொல்லப்படும் இதில், இன்று கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் விஜயநகரப் பாணி வேலைப்பாடு. முன் மண்டபத்தில் 48 தூண்கள். கயிலையைத் தூக்கும் ராவணன், கிரிஜா கல்யாணம், தமிழ் நாயன்மார் என்று சிற்பங்கள் இருக்கின்றன. கன்னட மண்ணில் நம் நாயன்மார் நிற்பதைத்தான் அவர் ஒவ்வொரு திங்களும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நானாக எடுத்திருந்தால் கோபுரத்துக்கு மூன்று நிமிடமும் நாயன்மாருக்கு அரை நிமிடமும் கொடுத்திருப்பேன்.

நாளும் வெளிச்சமும்

சிவன் கோயிலுக்குத் திங்கட்கிழமையும் பிரதோஷமும் வேண்டாம், முகூர்த்த நாளும் வேண்டாம். சாதாரண வார நாளில், நடை திறந்த முதல் ஒரு மணி நேரம் நல்லது. கிழக்குப் பார்த்த கோபுரம் என்றால் அந்த நேரத்து வெயில் கோபுரத்தின் முகத்தில் விழும், நமக்கு முதுகுப் பக்கம் இருக்கும். சாய்ந்த வெயிலில்தான் கல் சிற்பத்துக்குக் குழி, மேடு, மடிப்பு எல்லாம் தெரியும். உச்சி வெயிலில் நாயன்மார் முகம் தட்டையாகிவிடும்.

காலையில் போக இன்னொரு காரணம் நம் கால். கோயிலில் செருப்பில்லாமல்தான் நடக்கப் போகிறோம். பத்து மணிக்கு மேல் கல் சுட ஆரம்பித்தால் கால் தானாகத் தாவும், அந்தத் தாவல் அப்படியே படத்தில் விழும்.

போனில் செய்ய வேண்டியவை

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கோயிலில் இருக்கும் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளியும். போன் அதற்குப் பொருந்தாத வேகத்தில் எடுத்தால் தூண்களின் மேல் கருப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். அதனால் நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரமான ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். ஐபோனில் `Settings > Camera > Record Video` பக்கத்தில் `Show PAL Formats` என்பதை இயக்கினால் 25 பிரேம் கிடைக்கும். ஷட்டரைக் கையால் வைக்க `Blackmagic Camera` என்ற இலவசச் செயலி போதும், ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது.

படத்தின் அளவு 1080p போதுமானது. பெரியவர்கள் வீட்டு இணைய வேகத்தையும் யோசிக்க வேண்டும் இல்லையா?

லென்ஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அகல லென்ஸ் வைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும் என்பது உண்மைதான், தெருவிலும் திறந்த பிரகாரத்திலும் அது நல்லது. ஆனால் தூண் மண்டபத்துக்குள் அகல லென்ஸோடு நடந்தால் பக்கத்துத் தூண்கள் ஓரத்தில் இழுபட்டு, விர்ரென்று பின்னால் ஓடும். தலைசுற்றலுக்கு அதைவிட வேறு வேண்டாம். போதாததற்கு, இருட்டில் அந்த லென்ஸில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். மண்டபத்துக்குள் 1x எனப்படும் முதன்மை லென்ஸ் மட்டும்தான். போன் தானாக லென்ஸ் மாற்றாமலிருக்க ஐபோனில் `Lock Camera` இருக்கிறது.

நடை

கிம்பல் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். போன் பக்கவாட்டில் திரும்புவது, மேலும் கீழும் சாய்வது, உருள்வது என்ற மூன்றைத்தான் கிம்பல் அடக்கும். நாம் அடி வைக்கும்போது மொத்த உடம்பும் மேலே கீழே ஏறி இறங்குகிறதே, அதை அடக்காது. கிம்பல் வைத்தும் படம் படகு போல மிதந்தால் காரணம் அதுதான். அதைச் சரி செய்ய வேண்டியது முழங்கால்.

அடியைச் சிறிதாக்குங்கள், ஒரு அடிக்கு ஒன்றரைப் பாதம் அளவு. எட்டி வைக்கும்போதுதான் இடுப்பு அதிகமாகத் தாழ்ந்து எழும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்துக்கொண்டு, குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை மெதுவாக விரல் வரை உருட்டி இறக்குங்கள். நொடிக்கு ஒரு அடிக்கு மேல் வேண்டாம். வழக்கமான நடையில் பாதி வேகம்கூட வராது, எடுக்கும்போது ரொம்ப மெதுவாகத் தோன்றும், டிவியில் சரியாக இருக்கும். கிம்பல் இல்லாவிட்டால் போனை இரண்டு கையாலும் பிடித்து முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நிறைந்த செம்பை ஏந்தி நடப்பது போல நடங்கள். வீட்டு மொட்டை மாடியில் உண்மையிலேயே தண்ணீர்ச் செம்போடு ஒரு வாரம் பழகினேன், பலன் இருந்தது.

போனை நெஞ்சுயரத்தில் வைத்தேன். பெரியம்மா குள்ளம், அவர் பார்த்த கோயில் அந்த உயரத்திலிருந்து பார்த்ததுதான்.

நடக்கும்போது தூரத்தில் ஒரு பொருளைச் சட்டத்தின் நடுவில் வைத்துக்கொண்டு அதை நோக்கியே நடங்கள். மண்டபத்தில் நடு வழியாகப் போனால் உள் வாசல் விளக்கு அதற்கு வாகாகக் கிடைக்கும். நடுவில் ஒன்று அசையாமல் நின்றால், ஓரத்தில் தூண்கள் நகர்ந்தாலும் கண்ணுக்குப் பிடிப்பு இருக்கும்.

முக்கியமான விதி: நடக்கும்போது திரும்பாதீர்கள், திரும்பும்போது நடக்காதீர்கள். நின்று, மனதில் மூன்று எண்ணி, பிறகு திருப்புங்கள். சட்டத்தின் ஒரு ஓரத்தில் நுழைந்த தூண் மறு ஓரத்துக்குப் போய்ச் சேர ஏழு நொடியாவது ஆகட்டும். கையைத் திருப்பாமல், பாதங்களை முதலிலேயே போகும் பக்கம் பார்த்து வைத்து, இடுப்போடு திரும்பினால் முடிவில் குலுங்காது. கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பதும் அப்படித்தான்: வாசலில் தொடங்கி, மெதுவாக ஏறி, கலசத்தில் ஐந்து நொடி நின்று விடுங்கள். திரும்பக் கீழே இறங்க வேண்டாம், அங்கே வெட்டி அடுத்த காட்சிக்குப் போகலாம்.

நிலைப்படி என்ற மூட்டு

வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில்தான் என் முதல் வீடியோ கெட்டது. வெளியே இருந்தபோது உள்ளே கரி. உள்ளே போனதும் இரண்டு நொடி ஒன்றுமே தெரியாமல், பிறகு போன் பதறிப்போய் வெளிச்சத்தைக் கூட்ட, விளக்குகள் வெள்ளைப் புள்ளிகளாக வெடித்தன.

இதற்கு நான் கண்ட வழி நிலைப்படியையே காட்டுவது. வாசலுக்கு முன் நின்று, போனைக் கீழே சாய்த்து, நிலைக்கல் சட்டம் முழுவதும் நிறையும்படி மூன்று நொடி காட்டி நிறுத்துங்கள். படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். கண் பழக ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப அளவை வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். பூட்டும்போது விளக்குச் சுடரைப் பார்த்து வைக்காமல், விளக்கொளி விழும் தூணின் உடலைப் பார்த்து வைத்து, அதிலிருந்து கொஞ்சம் குறையுங்கள். சுடருக்கு வடிவம் இருக்கும், தூணும் தெரியும். பிறகு அதே நிலைக்கல்லை உள்ளிருந்து காட்டித் தொடங்கி, மெதுவாக நிமிருங்கள். இரண்டு துண்டையும் ஒட்டினால் பார்ப்பவருக்கு, குனிந்து படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனது போலவே இருக்கும். நாம் நேரில் செய்வதும் அதுதானே.

மண்டபத்துக்குள் இன்னொரு தொல்லை உண்டு. போனின் ஆட்டம் குறைக்கும் வசதி ஒவ்வொரு படத்தையும் இடம் மாற்றி ஒட்டும், ஆனால் படத்துக்குள்ளேயே பதிந்துவிட்ட மங்கலை அதனால் அழிக்க முடியாது. இருட்டில் 1/50இல் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் படம் மங்கித் தெளிந்து மங்கும். கண்டுபிடிப்பது எளிது: வீடியோவை நிறுத்தி ஒரு விளக்கைப் பாருங்கள். புள்ளியாக இல்லாமல் சின்ன வால் முளைத்திருந்தால் இதுதான் நோய். ஷட்டரை 1/100க்கு மாற்றினால் பாதி குறையும், ஆனால் படம் கொஞ்சம் புள்ளி விழும். என் முடிவு, இருட்டில் நடையையே குறைப்பது. நாலு அடி நடந்து, பதினைந்து நொடி நின்று, மறுபடி நாலு அடி. பெரியம்மா உட்காரும் ஓரத்தில் போனைத் தரைக்கு இரண்டடி உயரத்தில் பிடித்து, நானும் உட்கார்ந்து, ஒரு முழு நிமிடம் அசையாமல் எடுத்தேன்.

உள் வாசலில் நிறுத்த வேண்டும் என்றேன் அல்லவா? அங்கே துவாரபாலகர்கள் இருக்கும் வாசலைத் தூரத்திலிருந்து காட்டி, பிறகு வெளியே திரும்பினேன். கற்பூர ஆரத்தி நேரத்தில் படம் எடுக்கவில்லை. அர்ச்சகரிடம் கேட்டு, மணியோசையை மட்டும் பதிந்துகொண்டேன். வீடியோவில் அந்த இடத்தில் வாசல் காட்சி நிற்கும், மேலே மணியோசை ஓடும்.

வெளிச்சுற்று

சிற்பங்களை நடந்துகொண்டே பக்கவாட்டில் எடுக்க நினைக்காதீர்கள். நண்டு போல நகரும்போது யார் கையும் ஆடும், கிட்டத்தில் இருக்கும் கல் வேகமாக ஓடும். ஒவ்வொரு சிற்பத்துக்கும் நேராக, நாலைந்து அடி தள்ளி நின்று, முதலில் முழு உருவம் பத்து நொடி. பிறகு இரண்டடி கிட்டே போய் முகமோ கையோ பத்து நொடி. அடுத்ததற்கு நகர்வதை எடுக்க வேண்டியதில்லை. ராவணன் கயிலையைத் தூக்குவதற்கு இதையே அரை நிமிடமாக்கினேன். கீழே அவன் கைகள், மேலே மலை என்று கண் ஏறிப்போக நேரம் வேண்டும்.

மற்ற பக்தர்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது குறுக்கே வந்தால் போனைத் தரை நோக்கித் தாழ்த்திக் காத்திருங்கள். கும்பிடுகிறவரை முன்பக்கத்திலிருந்து எடுக்கவே கூடாது.

ஓசை

கோயிலில் நின்று விளக்கம் பேசினால் மற்றவர்களுக்கும் தொந்தரவு, காற்றும் எதிரொலியும் சேர்ந்து பாதி புரியாது. விளக்கத்தை வீட்டில் போர்வை, மெத்தை இருக்கும் அறையில் பதியுங்கள். எடுத்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று அந்த இடத்து ஓசையை மட்டும் தனியாகப் பதிந்துவாருங்கள். புறா இறக்கை, தூரத்து மணி, தெரு ஆட்டோ சத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுக் கேசட் ஓடினால், யூடியூபில் ஏற்றும்போது பாட்டின் உரிமையாளர் சார்பில் தானாகவே உரிமைக் கோரல் வரலாம். அந்த நேரத்துப் படத்தின் கீழே, பாட்டு இல்லாத நேரத்தில் பதிந்த ஓசையைப் போட்டுவிடுங்கள்.

விளக்கம் குறைவாக இருக்கட்டும். "இப்ப கொடிமரம். வலப்பக்கமா மண்டபத்துக்குள்ள போறோம்" என்று திரும்புவதற்கு முன்பே சொல்லுங்கள். வரப்போகும் அசைவு தெரிந்தால் தலைசுற்றல் குறையும்.

பார்த்துச் சரிசெய்து அனுப்புவது

வெட்டி ஒட்டியதும் செல்போனில் பார்த்து முடித்துக்கொள்ளாதீர்கள். டிவியில் போட்டு, ஆறடி தள்ளி உட்கார்ந்து, இடையில் நிறுத்தாமல் முழுவதும் பாருங்கள். நமக்கே எங்கேயாவது கண் கூசினால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, நின்று எடுத்த காட்சி ஒன்றைப் போடுங்கள். மென்பொருளில் ஆட்டத்தைக் குறைத்தால் படத்தின் ஓரம் வெட்டுப்படும், தூண்கள் ரப்பர் போல நெளியவும் செய்யும். ஆகவே கொஞ்சமாக.

என்னுடையது 17 நிமிடம் வந்தது. யூடியூபில், இணைப்பு கையில் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி `Unlisted` என்று ஏற்றி, விளக்கப் பகுதியில் இப்படி நேரக் குறிப்பு போட்டேன். முதல் வரி 0:00இல் தொடங்க வேண்டும், மூன்று பகுதியாவது இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது.

```
0:00 தெருவும் கோபுரமும்
1:40 கோபுர வாசல்
2:30 கொடிமரம், பலிபீடம்
4:20 தூண் மண்டபம், நந்தி
8:10 உள் வாசல், மணியோசை
9:50 சிற்பங்கள், நாயன்மார்
14:20 நவக்கிரகம்
15:50 மறுபடி கொடிமரம்
```

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படத்தை அது நசுக்கிவிடும், தூண் வேலைப்பாடு சேறாகும். 2 ஜிபி வரை `Document` ஆக அனுப்பலாம். பெரியம்மா வீட்டில் இணையம் அடிக்கடி திணறுவதால் பென்டிரைவிலும் போட்டு, ஊருக்குப் போன தம்பியிடம் கொடுத்தனுப்பினேன்.

இரண்டாம் வீடியோவை அவர் காலையில் குளித்துவிட்டு, விளக்கேற்றி வைத்து, முழுவதும் பார்த்தார். கொடிமரத்துக்கு 4:20 வரை நேரம் இருந்ததால் அவசரமில்லாமல் கும்பிட முடிந்தது என்றார். இப்போது வேறு கேட்கிறார்: "தெப்பக்குளம் தோண்டி எடுத்தாங்களே, அதை மட்டும் தனியா எடுத்து அனுப்பு. அவசரமில்ல, மெதுவா நட."